20.012 பாஸா, ரிஜெக்டா? டிராயிங் தசமமும் ரவுண்ட் ஆஃபும்

டிராயிங்கில் ஷாஃப்ட்டின் விட்டம் 20.00 ±0.01 மி.மீ. மைக்ரோமீட்டர் 20.012 காட்டுகிறது. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டின் கட்டத்தில் இரண்டு தசமம் எழுதத்தான் இடம். 20.01 என்று எழுதினால் பீஸ் பாஸ், 20.012 என்று எழுதினால் ரிஜெக்ட். பீஸ் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான், எழுதுகிற விதத்தில் மட்டும் தீர்ப்பு மாறிவிடுகிறது.

தர ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர், "டிராயிங்கில் எத்தனை தசமம் இருக்கிறதோ அத்தனை தசமத்துக்கு அளவை ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டும்" என்று யாரோ சொல்லிக் கேட்டுப் பழகியிருப்பார்கள். பள்ளிக் கணக்கில் அது சரி. சில பொருள் பரிசோதனைகளிலும் சரி, அது பின்னால் வருகிறது. டிராயிங்கில் உள்ள பரிமாணத்துக்கு, வேறு மாதிரி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அது தவறு. இந்த ஷாஃப்ட்டையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எல்லைகளைக் கருவியின் தசமத்துக்கு நீட்டி எழுதுங்கள்

அளக்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மேல் எல்லை 20.010, கீழ் எல்லை 19.990. டிராயிங்கில் இரண்டு தசமம்தான் இருக்கிறது, மூன்றாவது பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அமெரிக்க டிராயிங்குகள் பின்பற்றும் ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரநிலை இதை நேராகவே சொல்கிறது: எல்லைகள் முழுமையானவை, எத்தனை தசமம் எழுதியிருந்தாலும் அதற்குப் பின்னால் பூஜ்யங்கள் முடிவில்லாமல் தொடர்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அளந்த மதிப்பை அந்த எல்லையோடு நேரடியாக ஒப்பிட வேண்டும். ஐரோப்பிய டிராயிங்குகளில் பார்க்கும் ஐஎஸ்ஓ 8015-உம் இதையே சொல்கிறது. எழுதப்படாத தசமங்கள் எல்லாம் பூஜ்யம்.

ஆக 20.01 என்றால் 20.010000 என்று பொருள். "20.01-க்கு அருகில் எங்கோ" என்று பொருள் அல்ல. 20.012 அந்த எல்லையைத் தாண்டி 2 மைக்ரான் வெளியே நிற்கிறது.

அப்படியானால் டிராயிங்கில் தசம இடங்கள் எதற்காக? பல டிராயிங்குகளில், குறிப்பாக அமெரிக்கப் பழக்கத்தில் வரைந்தவற்றில், அவை டாலரன்ஸைத் தேர்ந்தெடுப்பதற்காக இருக்கின்றன. டைட்டில் பிளாக்கில் ஒரு சிறு பெட்டி இருக்கும்: ஒரு தசமம் உள்ள அளவுக்கு ±0.2, இரண்டு தசமம் உள்ள அளவுக்கு ±0.05 என்கிற மாதிரி. அங்கே 35.0 என்பதும் 35.00 என்பதும் வேறு வேறு அளவுகள். முதலாவதன் எல்லை 34.8 முதல் 35.2 வரை, இரண்டாவதன் எல்லை 34.95 முதல் 35.05 வரை. தசமத்தின் வேலை அந்தப் பெட்டியில் சரியான வரியைக் காட்டுவதோடு முடிகிறது. அளந்த மதிப்பை எங்கே வெட்டுவது என்று அது சொல்வதில்லை. ஐஎஸ்ஓ 2768-1 என்று குறித்த டிராயிங்கில் அந்த வேலையும் கிடையாது. அங்கே பொது டாலரன்ஸ் பரிமாணத்தின் பருமனைப் பொறுத்தது. நடுத்தர வகுப்பில் 6-க்கு மேல் 30 மி.மீ. வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3.

படி 2: எந்த விதி ஆள்கிறது என்று கண்டுபிடியுங்கள்

அளவை எல்லையோடு ஒப்பிட இரண்டு முறைகள் உண்டு. ரவுண்டிங் பற்றிய அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் இ29 இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறது. ஒன்று முழுமை முறை: அளந்ததை அப்படியே எல்லையோடு ஒப்பிடுவது. மற்றது ரவுண்டிங் முறை: அளந்ததை முதலில் எல்லை எழுதப்பட்டிருக்கும் தசமத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடுவது. இரண்டுமே முறையானவைதான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பயன்படுத்த முடியாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் குழப்பம் வருவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இந்தியத் தரநிலைகள் பலவற்றின் முன்னுரையில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: இந்தத் தரநிலையின் தேவை நிறைவேறியதா என்று முடிவுசெய்ய, பரிசோதனையின் இறுதி மதிப்பை, ரவுண்டிங் விதிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2-இன்படி ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டும், தரநிலையில் உள்ள மதிப்புக்கு எத்தனை இலக்கமோ அத்தனை இலக்கம் வைக்க வேண்டும். கட்டுமானக் கம்பிக்கான ஐஎஸ் 1786-ஐ எடுத்துக்கொண்டால், 500 தரக் கம்பிக்குக் கார்பன் அதிகபட்சம் 0.30 சதவீதம். பகுப்பாய்வில் 0.304 வந்தால் அது 0.30 ஆகிறது, தேறிவிடுகிறது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எல்லையை 0.30 என்று வைத்தவர்களே இந்த ரவுண்டிங்கையும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

கம்பிப் பரிசோதனைக் கூடத்தில் பழகியவர் அதே பழக்கத்தோடு ஷாஃப்ட் அளக்க வரும்போதுதான் தவறு நேர்கிறது. ஷாஃப்ட் டிராயிங்கின் எல்லையை வைத்த வடிவமைப்பாளர் எந்த ரவுண்டிங்கையும் மனத்தில் வைக்கவில்லை.

ஆகவே டிராயிங்கின் டைட்டில் பிளாக், குறிப்புகள், பர்ச்சேஸ் ஆர்டர், கன்ட்ரோல் பிளான் ஆகியவற்றைப் பாருங்கள். ஏஎஸ்எம்இ அல்லது ஐஎஸ்ஓ தரநிலையின் பெயர் இருந்தால் முழுமை முறை. எதுவுமே இல்லை என்றாலும் முழுமை முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரவுண்டிங் வேண்டும் என்றால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்கிற வாய்மொழி, ரிஜெக்ட் ஆன லாட் திரும்பி வரும்போது கூட வராது.

ரவுண்டிங் எவ்வளவு இடம் திருடுகிறது

நம் ஷாஃப்ட்டின் டாலரன்ஸ் மொத்தம் 0.02 மி.மீ. இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் ஆஃப் செய்தால் 20.0149 கூட 20.01 ஆகிவிடும். கீழே 19.9851 கூட 19.99 ஆகிவிடும். அதாவது மேலே 5 மைக்ரான், கீழே 5 மைக்ரான் கூடுதலாகத் திறந்துவிடுகிறோம். 0.02 இருந்த இடம் கிட்டத்தட்ட 0.03 ஆகிறது. டாலரன்ஸ் ஒன்றரை மடங்கு. 15.0 ±0.1 என்ற அளவை ஒரு தசமத்துக்கு ரவுண்ட் ஆஃப் செய்தாலும் இதே ஒன்றரை மடங்குதான். கடைசி இலக்கத்தில் டாலரன்ஸ் ±1 ஆக இருந்தால் சேதம் இவ்வளவு. ±5 ஆக இருந்தால், உதாரணமாக 20.00 ±0.05 என்றால், பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. இறுக்கமான டாலரன்ஸில்தான் ரவுண்டிங் கடிக்கும்.

கடித்தால் என்ன ஆகும் என்பதை இணையும் பகுதியோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஷாஃப்ட் ஒரு புஷ்ஷுக்குள் வழுக்கி ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் துளை எல்லை 20.02 முதல் 20.03 வரை. மிகப் பெரிய ஷாஃப்ட் 20.01, மிகச் சிறிய துளை 20.02. குறைந்தபட்ச இடைவெளி 0.01, அதாவது 10 மைக்ரான். எண்ணெய்ப் படலத்துக்கு வடிவமைப்பாளர் விட்டு வைத்த இடம் அது.

இப்போது ஷாஃப்ட் செய்கிறவர் 20.0149-ஐ 20.01 என்று பாஸ் செய்கிறார். புஷ் செய்கிறவர் வேறொரு பட்டறையில், அதே பழக்கத்தோடு, 20.0151 துளையை 20.02 என்று பாஸ் செய்கிறார். இரண்டு ரிப்போர்ட்டிலும் எல்லாம் பச்சை. இரண்டையும் சேர்த்தால் இடைவெளி 0.0002 மி.மீ. அசெம்பிளியில் கையால் தள்ளினால் போகாது. போனாலும் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட்டைப் பார்த்துக் காரணம் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் காரணமான அந்த இலக்கங்கள் எழுதப்படவே இல்லை.

படி 3: கருவி தானாகவே ரவுண்ட் ஆஃப் செய்கிறதா என்று பாருங்கள்

நீங்கள் ரவுண்ட் ஆஃப் செய்யாவிட்டாலும் கருவி செய்துவிடலாம். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரின் திரையில் கடைசிப் படி 0.01. அதில் 20.01 என்று தெரிந்தால், உள்ளே இருப்பது ஏறத்தாழ 20.005 முதல் 20.015 வரை எதுவாகவும் இருக்கலாம். இது போதாது என்று, 0.01 படியுள்ள சாதாரண காலிப்பரின் அனுமதிக்கப்பட்ட பிழையே ±0.02 அளவில் இருக்கும். நம் ஷாஃப்ட்டின் முழு டாலரன்ஸே 0.02-தான். காலிப்பரால் இந்த அளவைத் தீர்மானிக்கவே முடியாது. திரையில் 20.00 என்று அழகாக நின்றாலும் முடியாது.

பட்டறை வழக்கம் பத்துக்கு ஒன்று: கருவியின் படி டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 0.02-க்குப் பத்தில் ஒன்று 0.002. ஆகவே 0.001 படியுள்ள மைக்ரோமீட்டரை எடுங்கள். 20 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்துச் சரிபாருங்கள். 20.001 காட்டினால் அந்த 1 மைக்ரானை ஒவ்வொரு அளவிலும் கழித்து எழுத வேண்டும்.

மூன்றாவது தசமத்தை நம்பி முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். பரிமாணங்கள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 20 மி.மீ. எஃகு ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் ஏறத்தாழ 0.0046 மி.மீ. கூடியிருக்கும். லேத்திலிருந்து எடுத்தவுடன் கையில் சூடாக இருக்கும் பீஸ் 20.012 காட்டினால், ஆறிய பின் அது 20.007 ஆகக்கூடும். பீஸையும் மைக்ரோமீட்டரையும் ஸ்லிப் கேஜையும் ஒரே மேசையில் அரை மணி நேரமாவது வைத்துவிட்டு அளங்கள். மூன்றும் எஃகு, ஒரே சூட்டில் இருந்தால் விரிவு பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

படி 4: பார்த்ததை அப்படியே எழுதுங்கள்

மைக்ரோமீட்டர் 20.010 காட்டினால் 20.010 என்றே எழுதுங்கள், 20.01 என்று எழுதாதீர்கள். கடைசிப் பூஜ்யம் வெறும் அலங்காரம் அல்ல. மூன்றாவது தசமம் வரை பார்த்தேன், அங்கே பூஜ்யம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அது இல்லாவிட்டால் படிக்கிறவருக்கு 20.006-க்கும் 20.014-க்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரே விட்டத்தை மூன்று இடங்களில் அளந்தால் மூன்றையும் எழுதுங்கள். சராசரியும் ஒரு வகையில் ரவுண்டிங்தான். 20.004, 20.006, 20.014 என்ற மூன்றின் சராசரி 20.008, பாஸ். ஆனால் 20.014 இருக்கிற இடம் புஷ்ஷுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

படி 5: முதலில் தீர்ப்பு, அப்புறம் ரவுண்டிங்

இந்த வரிசையை மாற்றினால் என்ன நடக்கிறது என்று ஆறு பீஸ்களை வைத்துப் பார்க்கலாம். எல்லை 19.990 முதல் 20.010 வரை.

| பீஸ் | அளவு | முழுமை முறை | ரவுண்டிங், ஐஎஸ் 2 | ரவுண்டிங், பள்ளி முறை |
|---|---|---|---|---|
| 1 | 20.004 | பாஸ் | 20.00 பாஸ் | 20.00 பாஸ் |
| 2 | 20.012 | ரிஜெக்ட் | 20.01 பாஸ் | 20.01 பாஸ் |
| 3 | 19.987 | ரிஜெக்ட் | 19.99 பாஸ் | 19.99 பாஸ் |
| 4 | 20.015 | ரிஜெக்ட் | 20.02 ரிஜெக்ட் | 20.02 ரிஜெக்ட் |
| 5 | 19.985 | ரிஜெக்ட் | 19.98 ரிஜெக்ட் | 19.99 பாஸ் |
| 6 | 20.010 | பாஸ் | 20.01 பாஸ் | 20.01 பாஸ் |

முழுமை முறையில் தேறியவை 2, ஐஎஸ் 2 ரவுண்டிங்கில் 4, பள்ளி ரவுண்டிங்கில் 5.

ஐந்தாவது பீஸில் நின்று பார்க்க வேண்டும். பள்ளியில் கற்றது: 5 வந்தால் மேலே ஏற்று. 19.985 ஆகிறது 19.99. ஐஎஸ் 2 சொல்வது வேறு. வெட்டப்படுவது சரியாக 5 ஆக இருந்து, அதற்குப் பின் பூஜ்யம் தவிர வேறெதுவும் இல்லை என்றால், அதற்கு முந்தைய இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது ஒற்றைப்படை என்றால் ஒன்று கூட்டு, இரட்டைப்படை என்றால் அப்படியே விடு. 19.985-இல் முந்தைய இலக்கம் 8, இரட்டைப்படை. ஆகவே 19.98. நான்காவது பீஸில் முந்தைய இலக்கம் 1, ஒற்றைப்படை, ஆகவே 20.02. எப்போதும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் நிறைய எண்களின் சராசரி கொஞ்சம் மேல்பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் வந்த விதி இது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு: வாடிக்கையாளர் ரவுண்டிங்குக்குச் சம்மதித்தாலும் வேலை முடியவில்லை, எந்த ரவுண்டிங் என்பதையும் எழுத வேண்டும். "ஐஎஸ் 2-இன்படி, இரண்டு தசமத்துக்கு, ஒரே படியில்" என்று ஒரு வரி போதும்.

அந்த "ஒரே படியில்" என்பதையும் விட்டுவிடக் கூடாது. பீஸைப் பல புள்ளிகளில் தொட்டு அளக்கும் சிஎம்எம் எந்திரம் 20.0146 என்று தருகிறது. ஆப்பரேட்டர் அதை மூன்று தசமத்தில் 20.015 என்று குறிக்கிறார். ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவர் அதை இரண்டு தசமத்தில் 20.02 என்று போடுகிறார். இருவருமே அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் 20.0146-ஐ நேராக இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 20.01. ரவுண்டிங் முறை ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்தில் ஒரு நல்ல பீஸ் இப்படி ரிஜெக்ட் ஆகிவிடும். மூல அளவிலிருந்து ஒரே தடவைதான் ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டும்.

எக்செல் தாளில் ஒளிந்திருப்பவை

ரிப்போர்ட்கள் பெரும்பாலும் எக்செலில்தான் போகின்றன, அதனால் தவறுகளும் அங்கேதான் அதிகம்.

செல்லின் ஃபார்மட்டை இரண்டு தசமமாக வைத்தால் திரையில் 20.01 தெரியும். உள்ளே 20.012 அப்படியே இருக்கும். பக்கத்து செல்லின் சூத்திரம் உள்ளே இருப்பதை வைத்துத்தான் கணக்கிடும். ஆகவே அச்சில் "எல்லை 20.01, அளவு 20.01, ரிஜெக்ட்" என்று வரும். கணக்கு சரி, காட்சி தவறு. பலர் இதைப் பிழை என்று நினைத்து, சூத்திரத்துக்குள் `ROUND` போட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து தாள் முழுக்க டாலரன்ஸ் ஒன்றரை மடங்கு. இதைவிட மோசமானது `Set precision as displayed` என்ற அமைப்பு. அதை இயக்கினால் திரையில் தெரியாத இலக்கங்கள் நிரந்தரமாக அழிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. சரியான வழி, செல்லின் ஃபார்மட்டை மூன்று தசமமாக மாற்றுவது.

இன்னொரு பொறி எதிர்த் திசையில் வேலை செய்யும். விலகலை வைத்து இப்படி எழுதுவார்கள்:

```
=IF(ABS(B2-20)<=0.01,"OK","REJECT")
```

B2-இல் 20.01 என்று போட்டுப் பாருங்கள். சரியாக எல்லையில் இருக்கும் நல்ல பீஸ், ஆனால் ரிஜெக்ட் என்று வரும். கணினி எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் 20.01-இலிருந்து 20-ஐக் கழித்தால் 0.01 வராது, 0.0100000000000016 வரும். 19.99-க்கும் இதே கதிதான். கழிக்காமல் எல்லைகளோடு நேராக ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் இல்லை:

```
=IF(AND(B2>=19.99,B2<=20.01),"OK","REJECT")
```

மேக்ரோ எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் உள்ள `ROUND(2.5,0)` தருவது 3. விபிஏ மேக்ரோவில் உள்ள `Round(2.5)` தருவது 2, ஏனென்றால் அது இரட்டைப்படை விதியில் ஓடுகிறது. ஒரே கோப்பில் இரண்டையும் கலந்தால் ஐந்தாவது பீஸ் மாதிரி எல்லைப் பீஸ்கள் ஒரு தாளில் பாஸாகவும் மறு தாளில் ரிஜெக்டாகவும் நிற்கும்.

சிஎம்எம் ரிப்போர்ட்டிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. அளவு 20.010, மேல் எல்லை 20.010, எல்லையைத் தாண்டிய அளவு 0.000, ஆனால் வரி சிவப்பு. உள்ளே 20.0103 இருக்கிறது என்று அர்த்தம். எந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்யும் முன் ரிப்போர்ட்டின் தசமத்தை நான்காக்கி மறுபடி அச்சிட்டுப் பாருங்கள்.

எல்லையையே ரவுண்ட் ஆஃப் செய்ய நேரும்போது

அங்குல டிராயிங் வந்தால் இது தவிர்க்க முடியாதது. 0.500 ±0.001 அங்குலம் என்றால் மில்லிமீட்டரில் 12.6746 முதல் 12.7254 வரை. இதை இரண்டு தசமத்துக்கு வழக்கம்போல ரவுண்ட் ஆஃப் செய்தால் 12.67 முதல் 12.73 வரை. இரண்டு முனையும் அசல் எல்லைக்கு வெளியே போய்விட்டன. எல்லைகளை ரவுண்ட் ஆஃப் செய்யும்போது 5-ஐப் பார்க்கக் கூடாது, திசையைப் பார்க்க வேண்டும்: கீழ் எல்லையை மேலே ஏற்று, மேல் எல்லையைக் கீழே இறக்கு. 12.68 முதல் 12.72 வரை. கொஞ்சம் இறுக்கமாகிறது. தயாரிப்புக்கு அது கஷ்டம் என்றால் மூன்று தசமம் வைத்து 12.675 முதல் 12.725 வரை என்று எழுதிக்கொள்ளலாம்.

பேரிங் உட்காரும் இடத்தில் இந்தத் தவறு இன்னும் விகாரமாகத் தெரியும். 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு k6 ஃபிட் என்றால் எல்லை 20.002 முதல் 20.015 வரை. ரிப்போர்ட் ஃபார்மட்டில் இரண்டு தசமம்தான் என்று இதை 20.00 முதல் 20.02 வரை என்று மாற்றி எழுதினால், 13 மைக்ரான் டாலரன்ஸ் 20 மைக்ரான் ஆகிறது. 20.000 அளவுள்ள ஷாஃப்ட் பேரிங்கின் உள்வளையத்தில் வேண்டிய இறுக்கத்தை இழக்கலாம். 20.020 உள்ளது பேரிங்கின் உள் இடைவெளியைத் தின்றுவிடலாம். இங்கே மாற்ற வேண்டியது ரிப்போர்ட் ஃபார்மட்டைத்தான்.

ரிப்போர்ட்டைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது

மற்றவர் எழுதிய ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் வேலை உங்களுக்கு வந்தால், அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று முதலில் பாருங்கள். 20.00 ±0.01-க்கு இரண்டு தசமத்தில் எழுதினால் பாஸாகக்கூடிய மதிப்புகள் மூன்றே மூன்று: 19.99, 20.00, 20.01. ஐம்பது பீஸ் ரிப்போர்ட்டில் இந்த மூன்று எண்கள் மட்டுமே மாறி மாறி வந்தால், ஒன்று காலிப்பரால் அளந்திருக்கிறார்கள், அல்லது ரவுண்ட் ஆஃப் செய்திருக்கிறார்கள். அந்தத் தரவை வைத்து யாராவது சிபிகே, அதாவது அளவுகளின் பரவல் எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்பதைக் காட்டும் எண், கணக்கிட்டுக் கொடுத்திருந்தால் அந்த எண்ணுக்குப் பெரிதாக மதிப்பில்லை, மூன்று படிகளில் பரவலைப் பார்க்க முடியாது. 20.01 நிறைய இருந்து 20.02 ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இயல்பாக ஓடும் லேத் எல்லையில் வந்து சட்டென்று நின்றுவிடாது. அப்படிப்பட்ட லாட்டிலிருந்து 20.01 என்று எழுதிய ஐந்து பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

20.012 பீஸை என்ன செய்வது

ரிஜெக்ட் என்று எழுதினால் பீஸ் குப்பைக்குப் போகிறது என்று நினைத்துத்தான் பலர் ரவுண்ட் ஆஃப் செய்கிறார்கள். மேல் எல்லையைத் தாண்டிய ஷாஃப்ட்டுக்கு அது உண்மை அல்ல. 20.012-இல் உலோகம் கூடுதலாக இருக்கிறது. பாலிஷ் செய்தோ கிரைண்ட் செய்தோ 4 அல்லது 5 மைக்ரான் எடுத்தால் எல்லைக்குள் வந்துவிடும், மறுபடி அளந்து பாஸ் செய்யலாம். 19.987-க்குத்தான் வழி குறைவு. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. துளைக்கு இது தலைகீழ்: சிறிய துளையைப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சுருக்க முடியாது.

ரீவொர்க் முடியாத பீஸுக்கு வாடிக்கையாளரிடம் கன்செஷன், அதாவது எல்லை தாண்டிய பீஸை அப்படியே ஏற்கும் அனுமதி, கேட்கலாம். அதில் அளவை 19.987 என்று முழுதாக எழுதி, எத்தனை பீஸ், எல்லையிலிருந்து எவ்வளவு விலகல் என்று குறித்து அனுப்புங்கள். இணையும் புஷ்ஷின் அளவு அவர்களுக்குத் தெரியும். நம் எடுத்துக்காட்டில் 3 மைக்ரான் சிறிய ஷாஃப்ட்டால் அதிகபட்ச இடைவெளி 0.040-இலிருந்து 0.043 ஆகிறது, பெரும்பாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயம். ஆனால் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியவர் வடிவமைப்பாளர். ரவுண்ட் ஆஃப் செய்கிற ஆய்வாளர் அவருக்குத் தெரியாமலேயே அவருடைய வேலையைச் செய்துவிடுகிறார்.

எல்லையை ஒட்டி உள்ளே இருக்கும் பீஸ் மிச்சம். ஆறாவது பீஸ், 20.010. கருவி, கை, வெப்பம் எல்லாம் சேர்ந்து உங்கள் அளவீட்டின் நிச்சயமின்மை ±0.003 என்று வைத்துக்கொண்டால், உண்மையான விட்டம் 20.007-இலும் இருக்கலாம், 20.013-இலும் இருக்கலாம். இதற்கு ஐஎஸ்ஓ 14253-1 ஒரு வழி சொல்கிறது. எல்லைக்குள் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவர் அந்த நிச்சயமின்மைக்காக எல்லையிலிருந்து உள்பக்கம் ஒதுங்க வேண்டும். வெளியே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவர் வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டும். பீஸை அனுப்புகிறவர் நீங்கள் என்றால் 19.993 முதல் 20.007 வரை உள்ளதை மட்டும் கேள்வியில்லாமல் அனுப்பலாம். வாங்குகிறவர் 20.013-ஐத் தாண்டினால்தான் உறுதியாகத் திருப்பி அனுப்ப முடியும். இந்த ஏற்பாடு டிராயிங்கில் அல்லது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் 20.010 பாஸ்தான். அதை மூன்று தசமத்தோடு எழுதிவிட்டு, அடுத்த பீஸ் வருவதற்குள் லேத்தின் ஆஃப்செட்டை 8 அல்லது 10 மைக்ரான் கீழே இறக்கச் சொல்லி ஆப்பரேட்டரிடம் சொல்லுங்கள்.